வலி முழங்காலில், வேலை இடுப்பில்

முதல் நான்கு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. ஐந்தாவதில் முழங்காலின் வெளிப்பக்கம் லேசாக உறுத்தும். ஆறாவதில் அடி வைக்கும்போதெல்லாம் சுரீர் என்று குத்தும். காலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு நொண்டத் தோன்றும். ஓட்டத்தை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியாது. வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினால் சிரமமில்லை, இறங்கினால் வலிக்கும். 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால் உள்ளங்கையால் முழங்காலைச் சுற்றித் தடவ மாட்டார்கள். வெளிப்பக்கம், மூட்டு மடியும் கோட்டுக்கு இரண்டு விரல் அளவு மேலே, ஒரே இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

இவ்வளவும் பொருந்தினால் அது பெரும்பாலும் ஐ.டி. பேண்ட் வலி. இலியோடிபியல் பேண்ட் என்ற முழுப்பெயரை ஓடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. முழங்காலின் முன்புறச் சில்லைச் சுற்றி வரும் வலிக்கு அடுத்தபடியாக, ஓடுகிறவர்களின் முழங்காலை அதிகம் தாக்குவது இதுதான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும், வீக்கமும் இருக்காது. அதனால் 'இரண்டு வாரம் ஓய்வெடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஓய்வில் வலி போய்விடும். திரும்ப ஓடப் போனால் அதே ஐந்தாவது கிலோமீட்டரில் வந்து நிற்கும்.

ஐ.டி. பேண்ட் என்பது தசை அல்ல. தொடை முழுவதையும் உறைபோலச் சுற்றியிருக்கும் சவ்வு, வெளிப்பக்கத்தில் மட்டும் தடித்துப் பட்டையாக இறங்குகிறது. அந்தப் பட்டைதான் இது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பின் வெளிப்புறத்தில் உள்ள சிறிய மேட்டில் போய் ஒட்டுகிறது. தானாகச் சுருங்கும் சக்தி அதற்குக் கிடையாது. மேலே இரண்டு தசைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. ஒன்று இடுப்பின் முன்பக்கவாட்டில், பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் உள்ள சிறிய தசை. மற்றது பிட்டத்தின் பெரிய தசை. முழங்காலில் தெரியும் இழுவையின் கயிறு இடுப்பில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இந்த வலியை 1975இல் மருத்துவ இதழில் விவரித்தவர் ஜேம்ஸ் ரென் என்ற அமெரிக்க மருத்துவர். அவர் பார்த்தது மராத்தான் ஓட்டக்காரர்களை அல்ல; கடுமையான பயிற்சியில் இருந்த மரைன் படை வீரர்களை. முழங்கால் மடங்கி நீளும்போது பட்டை, தொடை எலும்பின் வெளிப்பக்க முண்டின் மேல் முன்னும் பின்னுமாக உரசுகிறது, உரசி உரசிப் புண்ணாகிறது என்பது அவர் தந்த விளக்கம். முப்பது ஆண்டுகள் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். 2006இல் பிரிட்டனின் ஜான் ஃபேர்கிளஃப் குழுவினர் உடற்கூறு முறையில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்கள். பட்டை அங்கே அவிழ்ந்து கிடக்கவில்லை. நார்களால் தொடை எலும்போடு இறுகப் பிணைந்திருந்தது. அப்படியானால் அது முன்னும் பின்னும் வழுக்கி ஓட வழியில்லை. பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்புத் திசு இருந்தது. அதில் நரம்பு முனைகள் நிறைய. பட்டை இறுகும்போது இந்தக் கொழுப்பு நசுங்குகிறது, வலி அங்கிருந்துதான் வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது இந்த விளக்கத்தைத்தான். பழைய பெயரில் இருந்த 'உராய்வு' என்ற சொல்லைப் பலர் இப்போது விட்டுவிட்டார்கள்.

நசுக்கல் எப்போது அதிகம்? முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கியிருக்கும்போது. ஓடும்போது பாதம் தரையில் பட்ட உடனே முழங்கால் கடந்துபோகும் கோணம் அது. ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 500, 600 முறை அந்தக் கோணத்தைக் கடக்கிறது. முதல் சில ஆயிரம் அடிகளைக் கொழுப்புத் திசு பொறுத்துக்கொள்கிறது, பிறகு முடிவதில்லை. வலி ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வந்து நிற்பது அதனால்தான். இறக்கத்தில் ஓடும்போது கால் முன்னே நீண்டு, குறைவாக மடங்கி, அதே கோணத்தில் அதிக நேரம் பாரம் தாங்குகிறது. படி இறங்கும்போதும் அதே கதை. மெதுவாக, கால் இழுத்து ஓடுவதும் அப்படித்தான். வேகமாக ஓடும்போதோ பாதம் தரையைத் தொடுவதற்குள் முழங்கால் அந்தக் கோணத்தைத் தாண்டி மடங்கியிருக்கும். மெதுவாக ஓடினால் வலி, கொஞ்சம் வேகமெடுத்தால் வலி குறைகிறது என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல.

பட்டைதானே பிரச்சினை, அதை நீட்டினால் போயிற்று என்று தோன்றும். காலைக் குறுக்காக வைத்து வளைவது, ஃபோம் ரோலரைத் தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உருள்வது, இதெல்லாம் பூங்காக்களில் தினமும் பார்க்கிற காட்சி. இந்தப் பட்டை மிகத் தடித்த இணைப்புத் திசு. கையாலும் உடம்பு எடையாலும் அதை நிரந்தரமாக நீளச் செய்ய முடியாது. மேலே அதை இழுக்கும் தசைகளை நீட்டித் தளர்த்தினால் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வலிக்கும் இடத்திலேயே ரோலரை வைத்து அழுத்துவதை நான் பார்த்தாலே தடுக்கத் தோன்றும். ஏற்கெனவே நசுங்கியதால் வலிக்கும் கொழுப்பை இன்னொரு முறை நசுக்குவதில் என்ன லாபம்?

இப்போது இடுப்புக்கு வருவோம். ஓடும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இருப்பதில்லை. ஒவ்வொரு அடியிலும் முழு உடம்பையும் ஒற்றைக் கால் தாங்குகிறது. அந்த நொடியில் இடுப்பெலும்பு மறுபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கம் பிட்டத்தின் மேல்பகுதியில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை. அது தளர்ந்தால் அல்லது களைத்தால், தராசில் ஒரு தட்டு தாழ்வதுபோல் மறுபக்க இடுப்பு தாழும். ஊன்றிய தொடை உள்நோக்கிச் சாயும், முழங்கால் உள்ளே திரும்பும். வெளிப்பக்கப் பட்டை இழுபட்டு இறுகும். அமெரிக்காவில் வலியே இல்லாத பெண் ஓட்டக்காரர்களின் ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, பிறகு யாருக்கு இந்த வலி வருகிறது என்று காத்திருந்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. பின்னாளில் வலி வந்தவர்களிடம் முன்பே தொடை உள்நோக்கிச் சாய்வதும் முழங்கால் உள்ளே திரும்புவதும் அதிகமாக இருந்தன.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி முன் ஒரு தாழ்வான படியில் ஒற்றைக் காலில் நின்று, மெதுவாக முழங்காலை மடக்கி, மறுகாலின் குதிகாலால் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். முழங்கால் கட்டைவிரல் பக்கமாக உள்ளே ஓடுகிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். இன்னொரு வழி கடற்கரை. ஈர மணலில் நூறடி ஓடிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இரண்டு பாதச் சுவடுகளும் ஒரே கயிற்றில் நடந்ததுபோல் ஒரு கோட்டில் விழுந்திருந்தால், ஒவ்வொரு அடியிலும் கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறது என்று பொருள். அடிகளுக்கு இடையே இடைவெளி குறையக் குறையப் பட்டையின் மேல் இழுவை கூடுகிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனி ஆளின் கதையல்ல இது, இந்த வலியோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பதைச் சேர்த்தது. வயது 36, அலுவலக வேலை, சென்னை. வாரம் 18 கிலோமீட்டர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தவர். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்றே வாரத்தில் 35 கிலோமீட்டராக ஏற்றினார். இடையில் ஒரு வார இறுதியில் ஏற்காடு போனவர், மலைப்பாதையில் எட்டு கிலோமீட்டர் இறக்கம் ஓடினார். அடுத்த ஞாயிறு ஆறாவது கிலோமீட்டரில் வலது முழங்காலில் குத்தியது. முடித்துவிடலாம் என்று பத்து வரை ஓடினார். மறுவாரம் வலி மூன்றாவது கிலோமீட்டரிலேயே வந்தது.

இரண்டு வாரம் ஓய்வு. வலி போனது. ஞாயிறன்று பழையபடி பன்னிரண்டு கிலோமீட்டர் கிளம்பினார், ஐந்தில் நின்றார். மருந்துக்கடையில் நீ-கேப் வாங்கிப் போட்டார், காலணி மாற்றினார், ரோலரில் உருண்டார். ஓய்வு கொழுப்புத் திசுவின் எரிச்சலைத் தணித்ததே தவிர, ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு தாழ்வதை மாற்றவில்லை. ஒரே தாவலில் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் போனது அடுத்த தவறு.

அவருக்கான சரியான வழி இப்படிப் போகும். முதல் ஒன்றிரண்டு வாரம் வலி வரும் எதையும் செய்யக் கூடாது. சமதளத்தில் நடக்கலாம், நீந்தலாம். சைக்கிள் ஓட்டலாமே என்பார்கள். மிதிகட்டை கீழே போகும்போது முழங்கால் அதே 30 டிகிரி பக்கம்தான் போகிறது, அதிலும் சீட் உயரமாக இருந்தால் நிச்சயம் வலிக்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வலி வருவது அதனால்தான். வலிக்கும் இடத்தில் ஐஸ் வைக்கலாம். மருத்துவர் சொன்னால் சில நாள் வலி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். மிகக் கடுமையாக இருந்தால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. முதல் இரண்டு வார வலியை அது குறைக்கும், இடுப்பைச் சரிசெய்யாது.

பயிற்சியை அந்த முதல் வாரத்திலேயே தொடங்கலாம், ஏனென்றால் முதலில் செய்ய வேண்டிய இரண்டிலும் முழங்கால் மடங்குவதில்லை.

முதலாவது, ஒருக்களித்துப் படுத்துக் கால் தூக்குவது. சுவரை ஒட்டிப் பாய் விரித்து, முதுகும் பிட்டமும் சுவரில் படும்படி, வலிக்கும் கால் மேலே இருக்குமாறு படுக்க வேண்டும். கீழ்க்காலை மடக்கிக்கொள்ளலாம். மேல்காலை நீட்டி, குதிகால் சுவரை லேசாகத் தொட்டபடியே மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 30 டிகிரி உயரம் போதும். மேலே ஒரு நொடி நிறுத்தி, ஏற்றியதைவிட மெதுவாக இறக்க வேண்டும். கால்விரல்கள் முன்னோக்கி இருக்கட்டும், கூரையைப் பார்க்க வேண்டாம். பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுவது இங்கேதான் என்று தோன்றுகிறது. விரல்கள் கூரையைப் பார்த்தாலோ கால் முன்னே வந்துவிட்டாலோ, பிட்டத்தின் தசைக்குப் பதிலாக முன்பாக்கெட் இடத்துத் தசை வேலையை எடுத்துக்கொள்ளும். பட்டையை இழுத்துப் பிடிக்கும் அதே தசை! சோர்வு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். பேண்ட்டின் பின்பாக்கெட்டுக்கு மேலே, சற்றுப் பக்கவாட்டில் எரிந்தால் சரி. முன்னால் எரிந்தால் காலைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டாவது, படியில் நின்று இடுப்பை இறக்கி ஏற்றுவது. மாடிப்படியின் கடைசிப் படியில் பக்கவாட்டாக, வலிக்கும் காலில் நிற்க வேண்டும். மறுகால் காற்றில் தொங்கட்டும். கை சுவரைப் பிடித்திருக்கலாம். நின்ற காலின் முழங்காலை மடக்காமல், தொங்கும் பக்கத்து இடுப்பை மட்டும் மெதுவாகக் கீழே விட்டு, பிறகு நின்ற பக்கத்துப் பிட்டத் தசையால் அதை மேலே கொண்டுவர வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், இருபதாவது முறையில் தெரியும். முழங்காலை மடக்கி மடக்கி ஏற்றி இறக்கினால் அது வேறு பயிற்சியாகிவிடும், வலியும் வரும்.

இரண்டிலும் 15 முறை கொண்ட ஒரு சுற்றில் தொடங்கி, மறுநாள் அதிக வலி இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 30 முறை கொண்ட மூன்று சுற்று வரை போகலாம். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஃப்ரெடரிக்சன் குழுவினர் கொடுத்த அளவு அதுதான். 2000இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இந்த வலி இருந்த 24 ஓட்டக்காரர்களுக்கு வலிக்கும் பக்கத்து இடுப்பு, வலிக்காத பக்கத்தைவிட வலுக் குறைந்திருந்தது. ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு 22 பேர் வலியின்றி ஓடத் திரும்பினார்கள்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த 24 பேரும் அதே ஆறு வாரம் ஓடாமலும் இருந்தார்கள், வலி மருந்தும் எடுத்தார்கள், நீட்டும் பயிற்சியும் செய்தார்கள். பயிற்சி செய்யாமல் ஓய்வு மட்டும் எடுத்த ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பின்னால் வந்த சில ஆய்வுகளில் வலி உள்ளவர்களின் இடுப்பு வலுவில் வேறுபாடே தெரியவில்லை. இடுப்பு தளர்ந்ததால் வலி வந்ததா, வலியால் நொண்டி நொண்டி இடுப்பு தளர்ந்ததா என்பதும் முடிந்த வழக்கல்ல. என் மதிப்பில், இடுப்புப் பயிற்சி மட்டும் பாதி மருந்து. தூரத்தைப் படிப்படியாக ஏற்றுவது மற்ற பாதி. ஒன்றை விட்டால் மற்றது நிற்காது.

மூன்றாவது வாரம் போல் படி இறங்குவதில் வலி இல்லாமல் போனால், நம் ஓட்டக்காரர் மூன்றாவது பயிற்சியைச் சேர்க்கலாம். கண்ணாடி முன் செய்து பார்த்த அதே படி இறக்கம். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகவும் இடுப்பு சமமாகவும் இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதாகிவிட்டால் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொள்ளலாம். இதை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. முழங்கால் நேராக 30 டிகிரிக்குள் போய் நிற்கும் பயிற்சி இது. வலி இருக்கும்போது செய்தால் வலிதான் கூடும்.

திரும்ப ஓடுவதற்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் வேகமாக நடந்தும், பத்துப் படி இறக்கம் செய்தும் வலி வரவில்லையென்றால் தொடங்கலாம். முன்பு அவருக்கு வலி மூன்றாவது கிலோமீட்டரில் வந்தது, எனவே முதல் ஓட்டம் இரண்டுக்குள் முடிய வேண்டும். சமதளத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவும் நீண்ட மெதுவோட்டமாக அல்ல. ஒரு நிமிடம் சற்று விறுவிறுப்பான ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறி மாறி. காயத்திலிருந்து திரும்புகிறவரை வேகமாக ஓடச் சொல்வது விசித்திரமாகத் தோன்றும். அந்த 30 டிகிரிக் கணக்கை நினைத்தால் விசித்திரமில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டி ஐந்து கிலோமீட்டர் வந்த பிறகுதான் நிதான ஓட்டம். இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஓடும் முறையில் ஒரே ஒரு மாற்றம் போதும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்து, அதை ஐந்து சதவீதம் கூட்ட வேண்டும். 160 வைக்கிறவர் 168. அடி சிறிதாகும், பாதம் உடம்புக்கு அருகில் விழும், தொடை உள்ளே சாய்வதும் முழங்காலின் சுமையும் குறையும். தார்ச்சாலையின் ஓரம் மழைநீர் வடியச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் மட்டும் தாழ்வில் விழுந்துகொண்டே இருக்கும். போகும்போது ஒரு பக்கம் ஓடினால் வரும்போது அதே பக்கத்தில் திரும்பினால் சரிவு இரண்டு காலுக்கும் மாறி மாறிக் கிடைக்கும். திடலில் சுற்றுகிறவர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய இடத்தில் உறுத்தல் தொடங்கினால் அங்கேயே நின்று நடந்து திரும்ப வேண்டும். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்று ஓடுகிற கிலோமீட்டர் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரம் என்பது இந்த வலிக்கு நியாயமான கால அளவு. மாதக்கணக்கில் வலியோடு ஓடி இழுத்தடித்தவர்களுக்கு அதைவிடக் கூடலாம். நம்மவர் ஜனவரிப் போட்டியை விட்டுவிடுவதே நல்லது. வலி போன பிறகும் வாரம் இரண்டு நாள் இடுப்புப் பயிற்சி தொடர வேண்டும்.

வெளிப்பக்க வலி எல்லாமே ஐ.டி. பேண்ட் அல்ல. முழங்கால் வீங்கியிருந்தால், மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டால், திரும்பும்போது நழுவுவதுபோல் இருந்தால், முறுக்கிக்கொண்டு விழுந்த நாளிலிருந்து வலி தொடங்கியிருந்தால் உள்ளேயிருக்கும் மெனிஸ்கஸ் குறுத்தெலும்பு கிழிந்திருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பின் மேலேயே அழுத்தினால் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குக் காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்திருந்தால் தேய்மானமா என்று கேட்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி அசையாவிட்டாலும், தாமதிக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது எந்தக் கிலோமீட்டரில் வலி வருகிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா, கடந்த ஆறு வாரத்தில் வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேன் படத்தைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்லும்.